எண்ணிக்கை ஒத்துப்போகிறது, கணக்கு ஒத்துப்போகவில்லை

ஒரு சேமிப்பு வங்கியின் கணக்கு டேபிளில் 10 லட்சம் வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை சர்வரில் ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள மாற்று சர்வரில் இன்னொரு பிரதி. இங்கே எது மாறினாலும் உடனே அங்கேயும் மாற வேண்டும். ஒரு நாள் மாலை இணைப்பு சிறிது நேரம் அறுந்துபோய், பிறகு வந்துவிடுகிறது. பொறுப்பில் இருப்பவர் முதல் வேலையாக இரண்டு பக்கமும் `COUNT(*)` போட்டுப் பார்க்கிறார். இரண்டும் 10,00,000. நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறார்.

அந்த இடைவெளியில் நடந்தது இதுதான். புதிதாக இரண்டு கணக்குகள் தொடங்கப்பட்டன. மூடப்பட்ட இரண்டு பழைய கணக்குகள் நீக்கப்பட்டன. மூன்று கணக்குகளில் இருப்புத் தொகை திருத்தப்பட்டது. இவற்றில் எதுவுமே மாற்று சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே இரண்டு வரிகள் குறைவு, நீக்கியிருக்க வேண்டிய இரண்டு வரிகள் கூடுதல். ஒன்றையொன்று சரிக்கட்டியதால் எண்ணிக்கை அச்சாகப் பொருந்துகிறது. எண்ணிக்கை வேறுபட்டால் கோளாறு உறுதி. ஒத்துப்போனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

10 லட்சம் வரிகளையும் வலையில் இழுத்துவந்து ஒவ்வொன்றாக ஒப்பிடலாம்தான். டேபிள் சிறியதென்றால் அதுவே உத்தமம். ஆனால் பெரிய டேபிளில் ஏழு வரிகளைத் தேட முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியையும் ஒரு எண்ணாகச் சுருக்கலாம். இதற்குப் பெயர் ஹாஷ். வரியில் ஓர் எழுத்து மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். ஆயிரம் வரிகளின் எண்களை ஒன்றாகக் கலந்தால், அந்த ஆயிரம் வரிக் கட்டுக்கு ஒரே எண் கிடைக்கும். மைசீக்வலில் இப்படி எழுதலாம்:

```sql
SELECT FLOOR(id/1000) AS chunk, COUNT(*) AS n,
  BIT_XOR(CAST(CONV(LEFT(MD5(CONCAT_WS('#',
    id, name, phone, balance, ISNULL(phone)
  )),16),16,10) AS UNSIGNED)) AS sig
FROM accounts GROUP BY chunk;
```

இதை இரண்டு சர்வரிலும் ஓட்டினால், ஒவ்வொரு பக்கமும் கட்டுக்கு ஒன்றாகச் சுமார் ஆயிரம் விடைகள் வரும். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். நம் உதாரணத்தில் ஐந்து கட்டுகள் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய கணக்குகள் இரண்டும் கடைசிக் கட்டில், நீக்கப்பட்டவை வெவ்வேறு இரண்டு கட்டுகளில், திருத்தப்பட்டவை மற்ற இரண்டில். இனி அந்த ஐந்து கட்டுகளின் வரிகளுக்கு மட்டும் ஒவ்வொரு `id`க்கும் அதன் ஹாஷை எடுத்து ஒப்பிட்டால் ஏழு வரிகளும் வெளியே வந்துவிடும்.

மேலே உள்ள கட்டளையில் `ISNULL(phone)` எதற்கு என்று கேட்கலாம். `CONCAT_WS` காலியான புலங்களை, அதாவது `NULL` உள்ளவற்றை, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதனால் வேறுபட்ட இரண்டு வரிகள் ஒரே எழுத்துச் சரமாக மாறக்கூடும். எந்தப் புலம் காலி என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்த ஓட்டை அடைபடும். காலியாக இருக்கக்கூடிய புலங்கள் இன்னும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி நுட்பமானது. இந்த வேலைக்கு `CRC32` என்ற எளிய, வேகமான செக்சம் இருக்கும்போது `MD5` ஏன்? மைசீக்வல் உலகில் இதற்கென்றே பலரும் பயன்படுத்தும் `pt-table-checksum` கருவிகூட, நாம் வேறு எதையும் குறிப்பிடாவிட்டால் `CRC32`ஐத்தான் எடுத்துக்கொள்ளும். தற்செயலாக இரண்டு வரிகளுக்கு ஒரே எண் வர 429 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லித் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் தற்செயலுக்கு இடமே இல்லாமல், நிச்சயமாகத் தவறவிடும் ஒரு நிலையும் இருக்கிறது.

திருத்தப்பட்ட மூன்றில் இரண்டு இப்படி: 4101ஆம் கணக்கில் 500.00, 4102இல் 700.00 என்று இடம் மாறிப் பதிவாகியிருந்தது. ஊழியர் அதைச் சரிசெய்து 700.00, 500.00 என்று மாற்றினார். திருத்தம் மாற்று சர்வருக்குப் போகவில்லை. எண்ணிக்கை அதேதான், மொத்த இருப்பும் அதே 1,200 ரூபாய்தான். `CRC32`இன் கணிதம் முழுவதும் எக்ஸார் என்ற செயலால் கட்டப்பட்டது. கட்டின் எண்களைக் கலக்க நாம் பயன்படுத்துவதும் அதே எக்ஸார். ஒரே நீளமுள்ள இரண்டு மதிப்புகள், வரியின் கடைசியிலிருந்து எண்ணினால் ஒரே இடத்தில் நின்று, தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டால், 4101இல் ஏற்பட்ட மாற்றமும் 4102இல் ஏற்பட்ட மாற்றமும் கலவையில் ஒன்றையொன்று துடைத்துவிடும். கட்டின் எண் இம்மியும் மாறாது. `MD5`இல் இந்தச் சீர்மை இல்லை. அது இதைப் பிடித்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட டேபிளில் வேகத்துக்காக `CRC32`ஐ வைத்துக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன்.

வரிகளை ஒப்பிடும் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு திசையில் மட்டும் பார்ப்பது. தலைமையில் இருந்து பிரதியில் இல்லாததைத் தேடினால் புதிய கணக்குகள் கிடைக்கும். நீக்கப்படாமல் தங்கிவிட்டவை கிடைக்காது. அவற்றுக்கு எதிர்த்திசையிலும் தேட வேண்டும். புலம் புலமாக ஒப்பிட `<>` போட்டால் `NULL` மறுபடி காலை வாரும்: ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் காலியும் இருந்தால் அது 'வேறு' என்று சொல்லாது, 'தெரியாது' என்று சொல்லி அந்த வரியை விட்டுவிடும். மைசீக்வலில் `NOT (a.phone <=> b.phone)` என்றும், போஸ்ட்கிரஸில் `IS DISTINCT FROM` என்றும் எழுதினால் தப்பிக்கலாம்.

இல்லாத வேறுபாடு தெரிவதும் உண்டு. தமிழ்ப் பெயர்களில் இது நிஜமான தொல்லை. 'கோபால்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷுக்கோ இரண்டும் வெவ்வேறு. ஒத்திசைவுப் பாதையில் இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால், ஓகாரம் உள்ள பெயரெல்லாம் வேறுபட்டதாக வந்து நிற்கும். ஏழு வரிகளை எதிர்பார்த்த இடத்தில் லட்சக்கணக்கில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மாதிரி வடிவ மாற்றத்தைத்தான்.

டேபிள் சும்மா இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். தலைமையில் 10 மணிக்கும் பிரதியில் 10:01க்கும் எண் எடுத்தால், இடையில் நடந்த பரிவர்த்தனைகளும் வேறுபாடாகத் தெரியும். எழுதுவதை நிறுத்திவைத்து ஒப்பிடுவது நல்லது. முடியாவிட்டால், வேறுபட்ட வரிகளை மட்டும் சில நிமிடம் கழித்து மறுபடி ஒப்பிடலாம். ஓட்டத்தில் இருந்தவை தாமாக ஒத்துப்போயிருக்கும், உண்மையில் பிசகியவை அப்படியே நிற்கும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் பட்டியல் எந்த வரி வேறு என்று சொல்லும். எது சரி என்று சொல்லாது. நம் வங்கியில் தலைமை சர்வர்தான் சரி என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருந்தால்?

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்துக்கு அதுதான் நேர்ந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும்போது 43 விநாடிகள் இணைப்பு போனது. அதற்குள் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரை சர்வர்களைத் தலைமையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட சில மாற்றங்கள் மேற்கை எட்டவில்லை. மேற்கில் புதியவை சேரத் தொடங்கின. மிகவும் பரபரப்பான சர்வர் தொகுதி ஒன்றில் இப்படி விடுபட்டவை 954. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. கிழக்கின் பதிவேடுகளை அவர்கள் எடுத்துவைத்து, தானாகச் சேர்க்கக்கூடியவை எவை, பயனரையே கேட்க வேண்டியவை எவை என்று பிரித்தார்கள். சில மாற்றங்களைப் பயனர்கள் ஏற்கெனவே மறுபடி செய்து முடித்திருந்தார்கள். அவற்றுக்கு மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.