யார் தவறு என்று கேட்காத கூட்டம்

பெரிய மருத்துவமனைகளில் 'எம் அண்ட் எம் மீட்டிங்' என்று ஒன்று நடக்கும். இறந்த நோயாளிகள், எதிர்பாராத சிக்கலுக்கு உள்ளானவர்கள் ஆகியோரின் கேஸ் ஷீட்டை எடுத்து, என்ன நடந்தது என்று டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள். அதற்கான ஸ்லைடுகளை பெரும்பாலும் ஓர் இளம் டாக்டர்தான் தயாரிப்பார். கூட்டம் உருப்படுவதும் வீண்போவதும் அந்தத் தயாரிப்பில்தான் இருக்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். சிறுநீரகக் கோளாறுள்ள ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். மாலை 4.10க்கு ரத்தம் எடுக்கிறார்கள். இரவு 8.40க்கு வார்டில் அவர் இதயம் நின்றுவிடுகிறது. கேஸ் ஷீட்டில் பொட்டாசியம் 6.9 என்ற ரிப்போர்ட் இருக்கிறது; 5 வரைதான் இயல்பு. 'டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும்.

தயாரிப்பவர் அங்கே நிற்கக் கூடாது. கேஸ் ஷீட்டோடு நர்ஸ் குறிப்பு, லேப் பதிவேடு, டியூட்டி ரோஸ்டர் எல்லாவற்றையும் வைத்து ஒரு கால வரிசை போட வேண்டும். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே, என்ன நடந்தது, அந்த நிமிடத்தில் அங்கிருந்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும். முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்க்கிறவருக்கு எல்லாமே வெட்டவெளிச்சமாகத் தெரியும். இரண்டாவது பத்திதான் அந்த மயக்கத்தைத் தடுக்கிறது. சில குறிப்புகள் சம்பவத்துக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கும். அவற்றையும் அடையாளமிட வேண்டும்.

இப்படி வரிசைப்படுத்தினால் கதை மாறுகிறது. 5.30க்கு நோயாளியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். 6.20க்கு லேப் போன் செய்தது, ரத்தம் எடுத்த அவசரப் பிரிவுக்கு. அங்கே யாரோ எடுத்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள். வார்டுக்குத் தகவல் போகவே இல்லை. 8 மணிக்கு ஷிப்ட் மாறியபோது, ஒரு ரிப்போர்ட் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. இதயத்தைக் காக்கும் கால்சியம் ஊசி போட்டிருக்கக்கூடிய இரண்டு மணி நேரம் இப்படித்தான் போனது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அதே இரவு, அதே இடத்தில் இன்னொரு திறமையான டாக்டர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றால் கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகவே ஸ்லைடில் ஊழியர் பெயர் வேண்டாம், நோயாளி பெயரும் வேண்டாம். 'ஆபத்தான ரிப்போர்ட் நோயாளி இருக்கும் இடத்தைத் தேடிப் போக வழியில்லை' என்று எழுதினால் போதும். போதையில் பணிக்கு வருவது, தெரிந்தே விதியை மீறுவது போன்றவை தனி விசாரணைக்கு உரியவை. அவற்றை இந்தக் கூட்டத்தில் கலக்கக் கூடாது.

கடைசி ஸ்லைடில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்' என்ற அறிவுரை ஒரு வாரம்கூடத் தாங்காது. நோயாளியின் தற்போதைய வார்டைக் கணினியில் பார்த்தே லேப் போன் செய்வது, கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகே அழைப்பை முடிப்பது போன்ற மாற்றங்கள் ஆளின் ஞாபகத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் புது கேஸுக்கு முன்னால், இது நடந்ததா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காத கூட்டத்தால் அடுத்த நோயாளிக்குப் பயனில்லை.