“தலைவர் ஓகேன்னுட்டார்”: ஓர் அனுமதிக் கடிதம் உருவாகும் விதம்

தொண்டு நிறுவன அலுவலகத்தில் என் வேலையில் பாதி, களப்பணியாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கடிதமாக்குவது. 2025 ஜூன் 5, வியாழக்கிழமை இரவு எங்கள் களப்பணியாளர் ஒருவரிடமிருந்து வந்தவை இவை:

“அக்கா, கண் முகாம் கன்ஃபார்ம். அடுத்த ஞாயிறு.”
“தலைவர்ட்ட பேசிட்டேன். ஓகேன்னுட்டார். சமுதாயக் கூடம் தர்றாராம்.”
“நூத்தம்பது பேர் வருவாங்க. ஒரு ரூம் இருட்டா வேணும்.”
“சனிக்கிழமை அங்க ஒரு காதுகுத்து இருக்கு.”
“போன தடவை மாதிரி தண்ணி இல்லாம போயிரக் கூடாதுக்கா. ஜனங்க திட்டித் தீத்துட்டாங்க.”
“சனிக்கிழமை ஆட்டோல மைக் கட்டிச் சொல்லணும். செயலர் லெட்டர் கேக்குறாரு, நாளைக்கே குடுக்கணும்.”

தேவையானவை பெரும்பாலும் இதிலேயே இருக்கின்றன. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கினால் கடிதம் வந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் ‘அடுத்த ஞாயிறு’ என்பது எட்டாம் தேதியா, பதினைந்தாம் தேதியா? வியாழக்கிழமை இரவில் சொன்னால் இரண்டுமே பொருந்தும். எழுத உட்காரும் முன் அவரை அழைத்தேன். பதினைந்து என்றார்.

அடுத்து, ‘தலைவர்’. இதில்தான் அதிகக் கவனம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற ஊராட்சிப் பிரதிநிதிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. ஊரில் மட்டும் பழைய தலைவர் இன்னும் தலைவர்தான். மரியாதை பதவிக்காலத்தோடு முடிவதில்லை. “தம்பி, அவர் இப்ப தலைவரா?” என்று கேட்டேன். “இல்லக்கா, முன்னாள். ஆனா அவர் சொன்னா ஊரே கேக்கும்” என்றார். ஊர் கேட்கும். கூடத்தைத் தர ஆணையிட வேண்டியவர் தனி அலுவலர். எனவே பெறுநர் மாறினார். ‘ஓகேன்னுட்டார்’ என்ற செய்தியையும் கடிதத்தில் சேர்க்கவில்லை. வேறொருவர் முன்பே அனுமதித்துவிட்டார் என்று எழுதினால், கையெழுத்திட வேண்டியவருக்கு அது உதவியாகத் தோன்றாது. முன்னாள் தலைவரை முகாமுக்கு அழைக்கும்படி தம்பியிடம் தனியே சொன்னேன்.

‘இருட்டா ஒரு ரூம்’ என்பதை அப்படியே எழுதினால் படிக்கும் அலுவலருக்குப் புரியாது. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்க இருட்டான அறை வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்கவைக்க 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி நீளமுள்ள இடம் வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் கூடத்தோடு சேர்ந்த சிறிய அறையையும் ஏன் கேட்கிறோம் என்பது தானே விளங்கிவிடும். நூற்றைம்பது என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்றும் கேட்டேன். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியதில் 118 பேர். மீதி அவருடைய ஊகம். கடிதத்தில் இரண்டையும் பிரித்தே எழுதினேன்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்ச நேரம் தயங்கினேன். போன முகாமில் மோட்டார் பழுதாகி, முதியவர்கள் கழிப்பறைக்குப் போக முடியாமல் தவித்ததை நானே பார்த்தேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அனுமதி கேட்கும் கடிதத்தில் குறை சொன்னால், அலுவலர் அதற்கு விளக்கம் எழுதுவார்; தொட்டி நிரம்பாது. அதனால் நடந்ததை விட்டுவிட்டு, நடக்க வேண்டியதை மட்டும் நேரத்தோடு கேட்டேன்.

செய்திகளில் வராத ஒன்றும் இருந்தது: வாடகை. சமுதாயக் கூடத்துக்கு ஊராட்சி கட்டணம் வைத்திருக்கும். நாம் பேசாமல் விட்டால், “கட்டணம் குறித்துத் தெளிவுபடுத்தவும்” என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வரும். செலுத்துகிறோம் என்று எழுதிவிட முடிவு செய்தோம்.

ஆட்டோ மைக்கை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை. ஒலிமாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். எங்கள் பகுதியில் அதைக் காவல் நிலையத்தில்தான் கேட்கிறோம். இரண்டையும் ஒரே தாளில் கேட்டால் ஊராட்சி அலுவலகம் தன்னால் தர முடியாத ஒன்றைப் பார்த்து மொத்தத்தையும் நிறுத்திவைக்கும். காவல் ஆய்வாளருக்குத் தனி மனு எழுதினேன். ஆட்டோ எந்தத் தெருக்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை போகும் என்பது அதில் இருந்தது.

கடைசியில் கடிதம் இப்படி அமைந்தது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொருள்: 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தச் சமுதாயக் கூடத்தைப் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் நிறுவனம் சார்பில் 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தங்கள் ஊராட்சியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தத் திட்டமிட்டுள்ளோம். இதுவரை 118 பேர் பெயர் பதிவு செய்துள்ளனர். சுமார் 150 பேர் வரக்கூடும் என எதிர்பார்க்கிறோம்.

இதற்காகச் சமுதாயக் கூடத்தையும் அதை ஒட்டிய சிறிய அறையையும் அன்று காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். கண் பரிசோதனைக்கு இருட்டாக்கக்கூடிய அறை தேவைப்படுவதால் சிறிய அறையையும் கேட்கிறோம். 14.06.2025 அன்று கூடத்தில் வேறு நிகழ்ச்சி இருப்பதால், அது முடிந்தபின் மாலை 6 மணிக்குச் சாவியைப் பெற்றுக்கொண்டு நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம்.

வருவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆகவே அன்று காலை 8 மணிக்குள் கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். குடிநீர் ஏற்பாடு எங்களுடையது. ஊராட்சி நிர்ணயித்துள்ள கட்டணத்தைச் செலுத்தி, கூடத்தை முன்பிருந்த நிலையிலேயே ஒப்படைப்போம்.

இணைப்பு: மருத்துவமனையின் ஒப்புதல் கடித நகல்.

‘மிகவும் தாழ்மையுடனும் பணிவுடனும்’ என்ற வழக்கமான தொடர் இதில் இல்லை. தம்பிக்கு அது குறையாகப் பட்டது. “மரியாதை இல்லாத மாதிரி இருக்கேக்கா” என்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து நமக்குள் ஊறிய பழக்கம் அது. ‘மதிப்பிற்குரிய’ என்பதில் தேவையான மரியாதை இருக்கிறது. அதற்கு மேல் அலுவலர் தேடுவது நாள், நேரம், இடம், எத்தனை பேர், யார் பொறுப்பு என்பவற்றைத்தான். அவை முதல் இரண்டு பத்திகளிலேயே கிடைத்தால் கடிதத்தின் ஓரத்திலேயே குறிப்பெழுதிக் கீழே அனுப்பிவிடலாம்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். இதை நான் ஒருபோதும் விடுவதில்லை, ஏனென்றால் கூடத்தின் வாசலில் நிற்கப்போவது அவர்தான். மாலை 4 மணி என்பதைக் கேட்டதும் நிறுத்தினார். கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்களை அழைத்துப்போக மருத்துவமனைப் பேருந்து நாலரைக்குத்தான் வரும். அதுவரை அவர்களை வெயிலில் நிறுத்த முடியாது என்றார். அவர் அனுப்பிய எந்தச் செய்தியிலும் பேருந்து இல்லை. ‘மாலை 5.30’ என்று திருத்தி, பேருந்து நிறுத்தக் கூடத்தின் முன்புறத் திடலையும் கேட்டு ஒரு வரி சேர்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே இரண்டு பிரதிகளோடு போனார். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிப் படமெடுத்து அனுப்பினார். அடியில் ஒரு செய்தி: “குடுத்தாச்சுக்கா. திங்கக்கிழமை போய் கேக்குறேன்.”