ஆஸ்துமா அடங்காதபோது மூக்கைப் பாருங்கள்

நுரையீரல் மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் ஒரு வகை நோயாளியைப் பார்ப்போம். வயது 38. ஆஸ்துமாவுக்காகக் காலையும் இரவும் இன்ஹேலர் எடுக்கிறார். அதை இழுக்கும் முறையிலும் தவறில்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் இளைப்பு வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மருந்தின் அளவைக் கூட்டியும் பலனில்லை.

மூக்கைப் பற்றிக் கேட்டால்தான் மீதிக் கதை வெளிவருகிறது. பல மாதங்களாக இரண்டு துவாரமும் அடைத்திருக்கின்றன. தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சாம்பார் கொதிக்கும் வாசனைகூடத் தெரிவதில்லை. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "சைனஸ்தானே" என்று விட்டுவிட்டார்.

மூக்கில் தொடங்கி நுரையீரலின் சிறு குழாய்கள் வரை ஓடுவது ஒரே காற்றுப்பாதை. ஒவ்வாமையும் அந்தப் பாதை நெடுகிலும் பரவுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். மூக்கு அலர்ஜி இருந்தும் ஆஸ்துமா இல்லாதவர்களின் நுரையீரலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஒவ்வாத பொருளை வைத்தபோது, அவர்களுடைய மூக்கிலும் அழற்சி தோன்றியது. 2000-இல் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டு எதிர்த்திசையில் சோதித்தார்கள். மூக்கில் மட்டும் வைத்தார்கள். ஒரே நாளில் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஈசினோபில் என்ற ஒவ்வாமை அணுக்கள் கூடியிருந்தன. சளி கீழே வழிவதால் மட்டும் இது நடப்பதில்லை. இரத்தத்தின் வழியாகவும் செய்தி போகிறது.

மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து அனுப்ப வேண்டிய காற்று அப்படியே நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மூச்சுக்குழாய்கள் அதற்குச் சுருங்குகின்றன.

மூக்குத் தொல்லையிலும் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். அடுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு, தண்ணீராய் ஒழுகுதல் ஆகியவை அலர்ஜியின் அடையாளம். அடைப்பு, கெட்டிச் சளி, முகத்தில் அழுத்தம், வாசனை இழப்பு ஆகியவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சைனஸ் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். நம் நோயாளியின் மூக்கை எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது, உரித்த திராட்சை போன்ற வெளிறிய சதைகள் தெரிந்தன. அவைதான் பாலிப்.

அடுத்துக் கேட்க வேண்டியது வலி மாத்திரை பற்றி. தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்ட ஒரு மணி நேரத்தில் தனக்கு மூக்கு ஒழுகி, இளைப்பும் வந்ததாகச் சொன்னார். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு ஆஸ்பிரினும் அதைச் சேர்ந்த வலி மாத்திரைகளும் இப்படி ஆபத்தாகின்றன. பாலிப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவர்களிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் வலிக்கு எதை, எவ்வளவு எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சை இரண்டு இடத்திலும் ஒன்றாகத் தொடங்கியது. இன்ஹேலர் தொடர்ந்தது. மூக்குக்கு உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சேர்ந்தன. கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது துவாரத்திலும் இடக்கையால் வலது துவாரத்திலும், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் மூக்கில் இரத்தம் வரும். பலன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். பொறுமையின்றி, அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துக்குப் பலர் தாவுகிறார்கள். அதைச் சில நாள்களுக்கு மேல் போட்டால், நிறுத்தும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

இங்கே ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்குத் தொல்லையும் கட்டுப்படாத ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தவர்களுக்கு 24 வாரங்கள் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதில் ஆஸ்துமாவின் கட்டுப்பாடு கூடவில்லை. ஆகவே ஸ்பிரே இன்ஹேலருக்கு மாற்று ஆகாது. மூக்கு திறந்துவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் திடீர் இளைப்பில் சிக்குவதுண்டு.

ஸ்பிரேக்கு அடங்காத பாலிப்பை அறுவை சிகிச்சையில் அகற்றலாம். அதற்குப் பிறகும் கழுவலும் ஸ்பிரேயும் தொடர வேண்டும். இல்லாவிட்டால் பாலிப் மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். இரண்டு நோய்க்கும் பொதுவான அழற்சியைத் தடுக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான டுபிலுமாபை அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் ஆஸ்துமாவுக்கும் 2019-இல் மூக்குப் பாலிப்புக்கும் அனுமதித்தது. விலை மிக அதிகம் என்பதால், மற்ற சிகிச்சைகளை முறையாகச் செய்தும் அடங்காதவர்களுக்கே அதை ஒதுக்குகிறார்கள்.