எட்டடிச் சந்தில் இருபதடிச் சுவர்

என் சித்தப்பா மகன் தையல்கடை திறந்தான். கடை இருப்பது ஒரு முட்டுச் சந்தின் கடைசியில். சந்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் நீளமாக ஒரு மதில், அதில் யாரோ எப்போதோ எழுதிய சிமென்ட் விளம்பரம். மதிலின் சொந்தக்காரர் அதை அழித்துவிட்டுக் கடைப் பெயரை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: "எழுதினா எப்படி இருக்கும்னு முதல்ல படத்துல காட்டு தம்பி."

பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு என்பதால் வேலை என்னிடம் வந்தது. சந்தின் அகலமே எட்டடிதான். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் இருபதடி மதில் நேராகப் படத்துக்குள் வராது. பழைய விளம்பரத்தின் பார்டர் தொடங்கும் இடத்துக்கு நாலடி முன்னால் நின்று, பக்கவாட்டில்தான் எடுக்க முடிந்தது. படத்தில் பார்டரின் கிட்டத்து ஓரம் 1800 பிக்சல் உயரம், தூரத்து ஓரம் 600. இரண்டுக்கும் நடுவே 2400 பிக்சல் அகலம்.

இந்தப் படத்தின் மேல் புதிய எழுத்தை எப்படி ஏற்றுவது? அவசரத்தில் பலரும் செய்வது, எழுத்தைத் தட்டச்சு செய்து, ஒரு பக்கத்தை இழுத்துச் சாய்த்து, மேல் கோடும் கீழ்க் கோடும் சுவரோடு ஒத்துப்போகும்படி அமுக்குவது. பார்ப்பவருக்கு உடனே ஏதோ உறுத்தும். எது என்று சொல்லத் தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கிறது என்பார்கள்.

காரணம் இதுதான். தூரம் போகப் போக எழுத்தின் உயரம் குறைவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அகலம் அதைவிட வேகமாகக் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த இருபதடியை இரண்டிரண்டு அடியாகப் பத்துக் கட்டம் போடுங்கள். சுவரில் பத்தும் ஒரே அளவு. என் படத்தில் முதல் கட்டத்தின் அகலம் 600 பிக்சல், பத்தாவது கட்டத்தின் அகலம் வெறும் 86. உயரம் மூன்றில் ஒரு பங்காகும்போது அகலம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. வெறுமனே சாய்த்து அமுக்கிய எழுத்தில் உயரம் மட்டும் குறைந்து, அகலம் பத்துக் கட்டத்துக்கும் 240, 240 என்றே நிற்கும். கண் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கணக்கில்லாமலும் இதைச் சோதிக்கலாம். பார்டரின் எதிரெதிர் மூலைகளை இரண்டு கோடுகளால் இணையுங்கள். அவை வெட்டும் இடம்தான் உண்மையான சுவரின் நடு. என் படத்தில் அது கிட்டத்து ஓரத்திலிருந்து 1800 பிக்சல் தள்ளி விழுந்தது. அதாவது சுவரின் முதல் பத்தடி படத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டது, அடுத்த பத்தடிக்குக் கிடைத்தது கால் பங்கு. இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியர்களுக்காக எழுதிய நூலில், தரையின் சதுரக் கட்டங்கள் எந்த விகிதத்தில் சுருங்கவேண்டும் என்று விளக்கியிருக்கிறார். கட்டங்களைச் சரியாக வரைந்தோமா என்று பார்க்க அவர் சொன்ன சோதனையும் இதே குறுக்குக் கோடுதான்.

இந்தக் கட்டத்தைக் கணினியே போட்டுத் தரும் வசதி ஃபோட்டோஷாப்பில் 2005-இல், அதன் சிஎஸ்2 பதிப்பில் வந்தது. `Filter > Vanishing Point` என்ற இடத்தில் இருக்கிறது. பார்வைக் கோடுகள் தொலைவில் ஒன்றுசேரும் மறைபுள்ளிதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

அதற்குள் நுழையும் முன் எழுத்தைத் தயார் செய்யவேண்டும். கடையின் பெயர் 'முல்லைத் தையலகம்'. (தம்பி 'த்' இல்லாமல்தான் எழுதித் தந்தான். பிழை திருத்துபவனின் கை சும்மா இருக்குமா, சேர்த்துவிட்டேன்.) தமிழ் தட்டச்சு செய்யும்போது 'லை', 'தை' எழுத்துகளில் இணைக்கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், எழுத்துருவைத் திட்டாதீர்கள். `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, எழுத்தைச் சின்னதாக அடித்துக் கொண்டுபோனால் கிட்டத்து ஓரத்தில் மங்கிப்போகும். அங்கே ஐந்தடி உயரம் 1800 பிக்சலாக இருப்பதால், ஓர் அடிக்கு 360 பிக்சல். எனவே இருபதடிக்கு 7200-க்கு 1800 என்ற அளவில் எழுத்தை அமைத்தேன். பிறகு எழுத்தடுக்கு முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொண்டு, படத்துக்குத் திரும்பி ஒரு வெற்று அடுக்கைத் திறந்தேன். இந்த வெற்று அடுக்கை மறந்தால் எல்லாம் மூலப் படத்தின் மேலேயே பதிந்துவிடும். பிறகு தனியே தொட முடியாது.

இனி நான்கு மூலைகள். முழு வேலையும் இந்த நான்கு சொடுக்கில்தான் இருக்கிறது. சுவரின் மேல் விளிம்பை நம்பக்கூடாது. தெரு சரிந்தால் மதிலின் தலையும் கூடவே சரியும். செவ்வகம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் பிடிக்கவேண்டும்: ஜன்னல், கதவு, செங்கல் வரிசை. எனக்குப் பழைய விளம்பரத்தின் பார்டர் வாய்த்தது. எழுதிய பெயின்டர் நூல் பிடித்து அடித்திருந்தார், அதனால் மூலை பிசகவில்லை. டேப் வைத்து அளந்ததில் இருபதடிக்கு ஐந்தடி. கிடைப்பதில் பெரிய செவ்வகத்தையே பிடியுங்கள். ஒரு மீட்டர் பெட்டியை வைத்துக் கட்டம் போட்டு இருபதடிக்கு நீட்டினால், மூலையில் விட்ட இரண்டு பிக்சல் பிழை அந்தக் கோடியில் இரண்டு அங்குலமாகத் தெரியும். மூலை வைக்கும்போது `X` விசையை அழுத்திப் பிடித்தால் அந்த இடம் பெரிதாகும். பிசகாமல் வைக்கலாம்.

நான்காவது மூலையை வைத்ததும் கட்டம் விரியும். நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் அந்தத் தளத்தின் நீள அகல விகிதத்தைக் கணிக்க முடியவில்லை என்று பொருள். மஞ்சள் என்றால் மறைபுள்ளிகளில் ஏதோ ஒன்று பிடிபடவில்லை. நீலம் வரும்வரை மூலைகளை நகர்த்தவேண்டும். ஆனால் நீலம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கட்டத்தின் கோடுகளைச் சுவரில் தெரியும் மற்றக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எனக்கு முதல் தடவை நீலமே வந்தது. ஆனால் நடுவில் இருந்த பழைய வரிக்கோடு கட்டத்தோடு சேராமல் வில்லாக வளைந்து விலகியது. தப்பு என்னுடையதுதான். இடம் பற்றாது என்று பயந்து கைபேசியின் அகலக் கோண லென்ஸில் எடுத்திருந்தேன். அது நேர்க்கோட்டை வளைத்துவிடும், கட்டத்துக்கோ நேர்க்கோடு மட்டுமே தெரியும். மறுநாள் சாதாரண லென்ஸில், கைபேசியை நிமிர்த்திப் பிடித்து மறுபடி எடுத்தேன். மேலே சொன்ன அளவுகள் அந்த இரண்டாவது படத்துடையவை.

பழைய எழுத்தை அழிக்கவும் இதே கட்டம் உதவியது. உள்ளே இருக்கும் ஸ்டாம்ப் கருவியை எடுத்து, வெறும் சுவர் தெரியும் இடத்தில் `Alt` அழுத்திச் சொடுக்கி, பழைய எழுத்தின் மேல் தேய்த்தால், கிட்டத்துச் சுண்ணாம்புத் திட்டு தூரத்துக்குப் போகும்போது தானாகச் சுருங்கிக்கொள்ளும். வெளியே சாதாரண ஸ்டாம்பில் இதைச் செய்தால் தூரத்துச் சுவரில் பெரிய பெரிய திட்டுகளாக வந்து காட்டிக்கொடுக்கும்.

பிறகு வெளியே வந்து, எழுத்துக்கென இன்னொரு வெற்று அடுக்கைத் திறந்து, மறுபடி உள்ளே போய் `Ctrl+V`. எழுத்து தட்டையாக மூலையில் வந்து நிற்கும். அதைப் பிடித்துக் கட்டத்துக்குள் இழுத்தவுடன் சுவரில் படிந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை. `T` அழுத்தினால் அளவு மாற்றலாம். என் எழுத்து பார்டருக்குள் உயரத்தில் சரியாக உட்கார்ந்தபோது நீளத்தில் கொஞ்சம் மிஞ்சியது. ஒரு தளத்தின் விகிதத்தை நிரல் ஊகித்துத்தான் சொல்கிறது. டேப் அளவு கையில் இருந்ததால் நீளத்தை மட்டும் குறுக்கிப் பார்டரோடு பொருத்தினேன். அளக்க வழியில்லாதவர்கள், சுவரில் சதுரமோ வட்டமோ ஒன்று இருந்தால் அதன் மேல் ஒரு சதுரத்தையோ வட்டத்தையோ ஒட்டிப் பார்க்கலாம்.

வடிவம் படிந்தது. ஆனால் அது இன்னும் பெயின்ட் ஆகவில்லை. சுத்தக் கறுப்பு எழுத்து சுவருக்கு முன்னால் மிதந்தது. நிறத்தைப் படத்திலேயே பழைய எழுத்தின் கறுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த அடுக்கை `Multiply` என்று மாற்றியதும் சுண்ணாம்பின் சொரசொரப்பும் மழைநீர் வடிந்த கறையும் எழுத்துக்குள்ளும் தெரிந்தன. சுத்தக் கறுப்பாகவே விட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. வெள்ளை எழுத்துக்கு இது உதவாது, `Multiply`-இல் வெள்ளை மறைந்துபோகும். நடுவில் நின்ற மின்கம்பத்தின் மேல் ஏறிய எழுத்தை முகமூடி போட்டு மறைத்தேன். கம்பத்தின் நிழல் மட்டும் எழுத்தின் மேலேயே விழுந்து கிடந்தது, அதைத் தொடவில்லை.

படத்தைப் பார்த்த மதில்காரர் தலையாட்டினார். பெயின்டர் அண்ணன்தான் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய், "நம்பர் எங்க தம்பி?" என்றார்.

முதல் பதினாறு அடியில் பெயரும் கடைசி நாலடியில் தொலைபேசி எண்ணும் வைத்திருந்தேன். அந்த நாலடி படத்தில் 185 பிக்சல். பத்து இலக்கத்துக்கு ஆளுக்குப் பதினெட்டுதான். என் கட்டம் பிசகவில்லை, சந்தின் வாயிலில் வந்து நிற்பவருக்கு அந்த இடம் அப்படித்தான் தெரியும். முட்டுச் சந்து என்பதால் எல்லாரும் அந்தப் பக்கமிருந்துதான் வருவார்கள். எண்ணை முதல் நாலடிக்கு மாற்றினேன். படத்தில் அதற்கு 1029 பிக்சல் கிடைத்தது. சுவரிலும் அப்படியே எழுதியிருக்கிறார்.