விடுதிச் சாப்பாடும் எடைத் தராசும்

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் உடல் எடையைக் குறைக்க விரும்புகிறார். திங்களன்று பூரி, வியாழனன்று எலுமிச்சைச் சாதம் என்று உணவுப்பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. குருமாவில் சமையற்காரர் எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்பது அவருக்கே தெரியாது. இந்நிலையில் கலோரிக் கணக்கு எப்படிப் போடுவது?

முதலில் ஓர் அடிப்படை விதி. அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் 1890-களில் ஒரு மனிதரையே அறை போன்ற பெரிய கலோரிமானிக்குள் பல நாள் தங்கவைத்து அளந்தார். உணவில் வந்த ஆற்றலும், உடல் வெளியிட்ட வெப்பமும் வேலையும் ஒத்துப்போயின. ஆற்றல் அழிவின்மை விதி மனித உடலுக்கும் பொருந்துகிறது. செலவைவிட வரவு குறைந்தால், உடல் தன் சேமிப்பான கொழுப்பை எரித்து ஈடுகட்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம். (நாம் பேச்சில் 'கலோரி' என்பது இந்தக் கிலோகலோரியைத்தான்.)

செலவைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். 84 கிலோ எடையுள்ளவர் உச்சிக்கு ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 84 × 9.8 × 83, அதாவது சுமார் 68,000 ஜூல்; 16 கிலோகலோரிதான். தசைகளின் பயனுறுதிறன் கால்பங்கே என்பதால் உண்மையில் செலவாவது சுமார் 65. இது அரைக் கரண்டிச் சோற்றில் திரும்பிவிடும். ஆகவே நம் கவனம் வரவின் பக்கமே இருக்கட்டும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டுள்ளது. ஆனால் விடுதிக் குருமாவின் எண்ணெய் எந்த அட்டவணையிலும் இராது. நல்லவேளையாக, அது நமக்குத் தேவையும் இல்லை. சில மாதங்களாக எடை மாறாதிருக்கும் மாணவருக்கு வரவும் செலவும் ஏற்கனவே சமம். எண்ணெய் எவ்வளவாயினும் அந்தச் சமநிலைக்குள் அடங்கிவிட்டது. தட்டிலிருந்து எதைக் குறைக்கிறோம் என்பதை மட்டும் அறிந்தால் போதும்.

நம் மாணவரின் உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. விடுதிக் கரண்டியால் ஒரு கரண்டிச் சோற்றை டப்பாவில் வாங்கி மளிகைக் கடைத் தராசில் நிறுத்தார், 100 கிராம். அது 130 கிலோகலோரி. மதியமும் இரவும் ஒவ்வொரு கரண்டி குறைத்தார்: 260. மூன்று வேளைக் காப்பியில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டார்: 120. குருமாவில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிக் காயை மட்டும் எடுத்ததில் இரண்டு தேக்கரண்டி மிச்சம்: 80. மொத்தம் 460. பருப்பு, முட்டை, சுண்டல், தயிர் இவற்றைக் குறைக்கவில்லை. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

கணக்கு சரியா என்று எடைத் தராசு சொல்லும். ஆனால் ஒருநாள் எடையை நம்பக்கூடாது. ஊறுகாயும் அப்பளமும் மிகுந்த நாளுக்கு மறுநாள், உப்பு பிடித்துவைத்த நீரால் எடை ஒரு கிலோ ஏறக்கூடும். எனவே தினமும் காலையில், சாப்பிடுமுன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுக்கவேண்டும். பட்டியல் வாரந்தோறும் திரும்ப வருவதால், பூரி நாளும் பொங்கல் நாளும் ஒவ்வொரு சராசரியிலும் ஒரே அளவில் இடம்பெறும். மாறாத பட்டியல் இங்கே நமக்குத் துணை! முதல் வாரத்தைத் தள்ளிவிடவேண்டும். அப்போது இறங்குவதில் பெரும்பகுதி நீர்.

இரண்டாம் வாரச் சராசரி 83.2 கிலோ, நான்காம் வாரம் 82.4. பதினான்கு நாளில் 0.8 கிலோ. 0.8 × 7,700 ÷ 14 = 440. எதிர்பார்த்த 460-க்கு மிக அருகில்!

விடை 200 என்று வந்திருந்தால்? குறைத்தது வேறு வழியில் உள்ளே வந்துவிட்டது எனப் பொருள். ஞாயிறன்று திருவரங்கத்து உறவினர் வீட்டில் நெய் மணக்கும் அக்காரவடிசில் விருந்து உண்டு, வழக்கத்தைவிட 1,400 கிலோகலோரி கூடினால் மூன்று நாள் சேமிப்பு ஒரே வேளையில் போய்விடும். விருந்தை விடமுடியாவிட்டால், மற்ற நாள்களில் இன்னும் அரைக் கரண்டி குறைக்கலாம்.

மாறாக, வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினாலோ, தலைசுற்றினாலோ, ஒரு கரண்டியைத் திரும்பச் சேர்க்கவேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். சில மாதங்களில் இறக்கம் நின்றால் வியப்பில்லை. அப்போது அதே அளவீட்டை மீண்டும் செய்யலாம். உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளவர்களுக்கு இது வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும்.