மூன்று பாட்டில், ஒரே வெளிச்சம்

கால், அரை, ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டில்களைச் சேர்த்துப் படமெடுக்கும்போது பலரும் ஏமாறுவது உயரத்தில்தான். ஒரே வடிவப் பாட்டிலில் கொள்ளளவு இரட்டித்தாலும் உயரம் சுமார் 26 சதவீதமே கூடும். சிறியது 16 சென்டிமீட்டர் என்றால் மற்றவை ஏறக்குறைய 20, 25.

தனித்தனியாக எடுத்து ஒட்டினால் இந்த விகிதம் எளிதில் பிசகும். மூடி காட்டிக்கொடுத்துவிடும்: மூன்றுக்கும் ஒரே மூடி என்றால் படத்திலும் அதன் அகலம் மாறக்கூடாது.

ஆகவே மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுப்பதே நல்லது. கிட்டத்தில் வைத்த அகலக்கோண லென்ஸ் ஓரத்துப் பாட்டிலைப் பருக்க வைக்கும். இடைவெளியை விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் பெரியவை நெருக்கியடித்து நிற்கும்.

விளக்குக்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் போதும். உயரமான பாட்டிலை அதற்கு எதிர்க்கோடியில் வைத்தால் அதன் நிழல் சிறியவற்றின் மேல் விழாது.