பதில் வராத மூன்று விநாடிகள்

இணையத்தில் புடவை விற்கும் கடை ஒன்றுக்கு நாங்கள் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். வாடிக்கையாளர் பணம் கட்டியதும், "உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது" என்று அவருடைய செல்பேசிக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். நிரல் அமேசானின் லாம்ப்டாவில் ஓடியது. இதற்கென்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து இரவும் பகலும் ஓட்ட வேண்டியதில்லை. ஆர்டர் வரும்போது நிரல் விழித்துக்கொள்ளும், வேலையை முடிக்கும், ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. 2014இல் அமேசான் அறிமுகப்படுத்திய இந்த முறையைத்தான் சர்வர்லெஸ் என்கிறார்கள்.

நான்கு மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு, ஆர்டர் விவரங்களை அந்த நிரலே டேட்டாபேஸில் எழுதட்டும் என்று முடிவானது. டேட்டாபேஸ் இருந்தது கடையின் தனி நெட்வொர்க்குக்குள். வி.பி.சி. எனப்படும் அந்த வேலிக்குள் வெளியார் நுழைய முடியாது. நிரலையும் அதற்குள் சேர்த்தோம். டேட்டாபேஸில் ஆர்டர் பதிவானது. எஸ்.எம்.எஸ். மட்டும் போகவில்லை. பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது:

```
Task timed out after 3.00 seconds
```

லாம்ப்டாவில் நாமாக மாற்றாதவரை காத்திருப்பு வரம்பு மூன்று விநாடி. "அண்ணா, டைம் பத்தலை போல, முப்பதா ஆக்கிடறேன்" என்றார் உடன் வேலை பார்க்கும் தம்பி. ஆக்கினார். முப்பது விநாடி காத்திருந்துவிட்டு அதே வரி, 30.00 என்ற எண்ணோடு வந்தது. முதலில் கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். எதிர்முனை மெதுவாக இருந்தால், நேரத்தைக் கூட்டும்போது சில அழைப்புகளாவது பிழைக்கும். ஒன்றுகூடப் பிழைக்காமல் எல்லாமே சரியாக வரம்பில் வந்து சாகின்றன என்றால், போன தகவல் எங்கோ தொலைகிறது. அந்த வீண் முப்பது விநாடிக்கும் நாம்தான் கட்டணம் கட்டுகிறோம்.

தனி நெட்வொர்க்கில் சேர்க்காத லாம்ப்டா நிரலுக்கு இணைய வழியை அமேசானே தருகிறது. நம் நெட்வொர்க்கில் சேர்த்த நொடியில் அந்த வழி போய்விடும். இனி நாம் போட்டு வைத்திருக்கும் வழிகள்தான் அதற்கும். பழைய அலுவலகங்களின் உள்தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு மேசை இரண்டு இலக்க எண் போட்டுப் பேசலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியூருக்குப் பேச முடியாது. வெளியூர்க்காரர் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்கவும் முடியாது. நிரலுக்குக் கிடைப்பதும் 10.0.1.25 போன்ற ஓர் உள் எண் மட்டுமே.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, எஸ்.எம்.எஸ். வேலையை ஒதுக்கிவிட்டு இந்தச் சோதனை நிரலை அதே இடத்தில் ஓட்டினோம்:

```python
import socket
def handler(event, context):
    ip = socket.gethostbyname("example.com")
    print(ip)
    socket.create_connection((ip, 443), timeout=2)
    print("ok")
```

முதல் வரி பெயருக்கு உரிய எண்ணைக் கேட்கிறது. எண் வந்துவிட்டது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெயரை எண்ணாக்கும் வேலையை நெட்வொர்க்குக்குள்ளேயே அமேசான் செய்து கொடுப்பதால், இணைய வழியே இல்லாதபோதும் அது நடக்கும். அடுத்த வரியில் இரண்டு விநாடி மௌனம், பிறகு டைம்அவுட். எதிர்முனை "மாட்டேன்" என்று மறுத்திருந்தால் `Connection refused` என்று உடனே வந்திருக்கும். மறுப்பு வந்தால் தகவல் போய்ச் சேர்ந்தது என்று பொருள். மௌனம் என்றால் போகவில்லை, அல்லது போனதற்குப் பதில் திரும்பி வரவில்லை.

தம்பி அடுத்து, நிரலைப் பொது சப்நெட்டுக்கு மாற்றினார். நெட்வொர்க்கின் ஒரு பகுதிதான் சப்நெட். இணைய வாசலான இன்டர்நெட் கேட்வேக்கு நேராக வழி உள்ள பகுதியைப் பொது சப்நெட் என்பார்கள். வாசல் பக்கத்தில் உட்கார வைத்தால் வெளியே போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பொது எண் உள்ளவர்களைத்தான் அந்த வாசல் வெளியே விடும். லாம்ப்டா நிரலுக்குப் பொது எண் கிடைப்பதில்லை. அதனால் பொது சப்நெட்டில் வைத்தாலும் அதே மௌனம்தான்.

தேவைப்பட்டது அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையைச் செய்வது நேட் கேட்வே. அது பொது சப்நெட்டில், தனக்கென ஒரு பொது எண்ணோடு இருக்கும். உள்ளே இருப்பவர்களின் அழைப்பைத் தன் எண்ணிலிருந்து செய்து, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். நிரல் தனி சப்நெட்டில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு வழி அட்டவணை உண்டு. தனி சப்நெட்டின் அட்டவணையில் `0.0.0.0/0` என்ற வரி, அதாவது "மற்ற எல்லா ஊருக்கும்" என்பது, நேட் கேட்வேயைக் காட்ட வேண்டும். பொது சப்நெட்டின் அட்டவணையில் அதே வரி இன்டர்நெட் கேட்வேயைக் காட்ட வேண்டும். நேட் கேட்வேயையே தனி சப்நெட்டில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஆபரேட்டருக்கே வெளி இணைப்பு இல்லாத நிலை அது.

இதைச் செய்ததும் எஸ்.எம்.எஸ். போனது. ஆனால் ஏறக்குறைய இரண்டில் ஒன்றுதான். நிரலுக்கு இரண்டு சப்நெட் கொடுத்திருந்தோம். லாம்ப்டா இரண்டிலும் மாறி மாறி ஓடும். ஒவ்வொன்றாகத் தனியே கொடுத்துப் பார்த்தோம். முதலாவதில் எல்லாம் போனது, இரண்டாவதில் எதுவும் போகவில்லை. இரண்டாவதன் வழி அட்டவணையைக் கேட்டோம்:

```
aws ec2 describe-route-tables --filters Name=association.subnet-id,Values=subnet-0b2
```

விடை வெறுமையாக வந்தது. சப்நெட்டை எந்த அட்டவணையோடும் யாரும் இணைக்கவில்லை என்பதே அதன் பொருள். அப்படி விட்டால் அது நெட்வொர்க்கின் பிரதான அட்டவணையைப் பிடித்துக்கொள்ளும். எங்களுடையதில் உள்ளூர் வழி மட்டுமே இருந்தது. சரியான அட்டவணையோடு இணைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

வழி சரியாக இருந்தும் மௌனம் நீடித்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். நிரலின் செக்யூரிட்டி குரூப் 443ஆம் போர்ட்டுக்கு வெளியே போக விடுகிறதா? சப்நெட்டின் நெட்வொர்க் ஏ.சி.எல். திரும்பி வரும் பதிலையும் விடுகிறதா? அது போனதை நினைவில் வைத்துக்கொள்ளாது. வருவதற்குத் தனியே 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களுக்கு அனுமதி வேண்டும். மூன்றாவது, எதிர்முனை நிறுவனம் தெரிந்த எண்களை மட்டும் அனுமதிக்கிறதா? அப்படியானால் நேட் கேட்வேயின் பொது எண்ணை அவர்களிடம் கொடுத்தாக வேண்டும்.

நேட் கேட்வே இலவசமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் மணிக்கு 0.045 டாலர், மாதத்துக்கு ஏறக்குறைய 32 டாலர். கடந்து போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் இன்னொரு 0.045 டாலர். அதைத் தவிர்க்க "வி.பி.சி. எண்ட்பாயிண்ட் போடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். எண்ட்பாயிண்ட் என்பது அமேசானின் சொந்தச் சேவைகளுக்கு நெட்வொர்க்குக்குள்ளிருந்தே போடும் தனி இணைப்பு. எஸ்3, டைனமோடிபி இரண்டுக்கும் கேட்வே எண்ட்பாயிண்ட் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவற்றுக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. அந்த எண்ட்பாயிண்டின் செக்யூரிட்டி குரூப்பும் நிரலிடமிருந்து 443இல் வருவதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் இதே டைம்அவுட்தான். வெளியே எங்கோ இருக்கும் எஸ்.எம்.எஸ். நிறுவனத்துக்கு எண்ட்பாயிண்ட் பொதுவாக உதவாது.

கடைசியில் அந்தக் கடைக்கு வேலையை இரண்டாகப் பிரித்தோம். டேட்டாபேஸில் எழுதும் நிரல் உள்ளேயே இருந்து, "இவருக்குச் செய்தி அனுப்பு" என்ற குறிப்பை எஸ்.க்யூ.எஸ். வரிசையில் ஓர் எண்ட்பாயிண்ட் வழியாகப் போடுகிறது. இன்னொரு நிரல் அதை எடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. அதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை, ஆகவே அதை எந்தத் தனி நெட்வொர்க்கிலும் சேர்க்கவில்லை. நேட் கேட்வேயை எடுத்துவிட்டோம். உங்கள் நிரலுக்கும் உள்ளே இருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்றால், அதை வி.பி.சி.யில் சேர்க்காதீர்கள்.